கேக்குக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் பலகை: மருத்துவமனை ஊழியர்களுக்குச் சமூக ஊடக விதிகள் எழுதுவது எப்படி

இரவு டூட்டி முடியப் போகிற நேரம். வார்டில் ஒரு சிஸ்டருக்குப் பிறந்தநாள். நர்சிங் ஸ்டேஷன் மேசையில் அரைக் கிலோ கேக்கை வெட்டி, நாலு பேர் சிரித்தபடி நின்று ஒரு போட்டோ எடுத்தார்கள். அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியது. அவர்களுக்குப் பின்னால் சுவரில் எங்கள் வெள்ளைப் பலகை இருந்தது. படுக்கை எண், பெயர், வயது, டாக்டர், நோய் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆறாவது வரியில் ஒருவர் பெயருக்கு நேரே B24 என்று இருந்தது.

நோய்களுக்குக் குறியீடு தரும் ஐசிடி-10 பட்டியலில் B24 என்பது எச்ஐவியைக் குறிக்கும். வெளியாளுக்குப் புரியாது என்று நம்பித்தான் ‘எச்ஐவி’ என்று எழுதாமல் இப்படிக் குறிப்பது வழக்கம். ஆனால் அந்த சிஸ்டரோடு படித்த ஒருவர் வேறொரு லேபில் வேலை பார்க்கிறார், அவருக்குப் புரிந்தது. நோயாளியும் அவரும் ஒரே தெரு. மதியம் 3 மணிக்கு நோயாளியின் அண்ணன் எங்கள் ரிசப்ஷனில் வந்து நின்றார்.

நான் தென் தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊரில், 60 படுக்கை உள்ள மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். அன்றுவரை எங்களிடம் இருந்த விதி வேலை நியமன உத்தரவில் ஒரே ஒரு வரிதான்: ‘நோயாளிகளின் ரகசியத்தைக் காக்க வேண்டும்’. அந்த சிஸ்டர் அதை மீறியதாக அவருக்குத் தோன்றவே இல்லை. “நான் கேக்கைத்தானே சார் போட்டேன்” என்றார். அவர் சொன்னது சரிதான். தெரிந்தே நோயாளியைப் பற்றி எழுதுபவர்கள் அபூர்வம். கசிவது போட்டோவின் பின்னணியிலிருந்தும், போனின் செட்டிங்கிலிருந்தும், நல்ல மனசோடு போட்ட கமெண்ட்டிலிருந்தும்தான். ஆகவே ‘ரகசியம் காக்கவும்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் போனை எடுக்கலாம், எந்தக் குரூப்பில் எதை அனுப்பலாம் என்று செயலைச் சொல்லும் விதியாக எழுத உட்கார்ந்தோம். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எழுதும் முன் நடந்து பாருங்கள்

சொந்தப் போனோடு மூன்று நேரங்களில் மருத்துவமனையைச் சுற்றி வாருங்கள்: காலை ரவுண்ட்ஸ், மாலை பார்வையாளர் நேரம், இரவு 10 மணி. ஊழியர்கள் எங்கெல்லாம் நின்று செல்ஃபி எடுப்பார்களோ அங்கெல்லாம் நின்று, கேமராவைத் திறந்து திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். படம் எடுக்கவே வேண்டாம், திரையில் தெரிவதே போதும்.

எங்களுக்குத் தெரிந்தவை இவை. வெள்ளைப் பலகை, தியேட்டர் கதவில் செலோடேப் போட்டு ஒட்டிய ஆபரேஷன் லிஸ்ட், ஸ்கேன் அறை மானிட்டரின் மேல் மூலையில் பெயரும் வயதும், லேபில் ரத்தக் குழாய்களின் லேபிள், ரிசப்ஷனில் காப்பீட்டு விண்ணப்பத்தோடு திறந்து கிடந்த ஆதார் நகல். நோயாளியின் கையில் கட்டிய பட்டையைக்கூட இரண்டு மீட்டர் தள்ளியிருந்து படிக்க முடிந்தது. இன்றைய போன் கேமராக்கள் அவ்வளவு கூர்மையானவை.

இதில் பாதிக்கு விதியே தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும். பலகையில் படுக்கை எண், டாக்டரின் முதலெழுத்து, ஐபி எனும் உள்நோயாளி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் என்று ஆக்கினோம். லிஸ்ட்டைத் தியேட்டர் கதவின் உள்பக்கம் ஒட்டினோம்.

நோயை எடுத்துவிட்டால் எங்கள் பாதுகாப்பு என்னாவது என்று சிஸ்டர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கையுறை முதலான பாதுகாப்பு முறை எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். சோதனையே செய்யாதவருக்கும் கிருமி இருக்கலாம். பலகையில் B24 இருக்கும் படுக்கைக்கு மட்டும் கையுறை போடுகிற பழக்கம்தான் உண்மையில் ஆபத்து. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் நோயாளியின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது. அதே சட்டம்தான் ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், ஊசி குத்திவிட்டால் தடுப்பு மருந்தும் தரும் கடமையை மருத்துவமனை மேல் வைக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் பலகையை மாற்ற அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

படி 2: ‘பெயர் போடவில்லை’ என்பதை விதியிலிருந்து தூக்குங்கள்

எல்லாரும் சொல்லும் சமாதானம் இது. ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். டூட்டி டாக்டர் ஒருவர் முகநூலில் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்:

‘நேற்று இரவு 2 மணி. 19 வயதுப் பெண், பூச்சிமருந்து குடித்துவிட்டாள். மூன்று மணி நேரப் போராட்டம். இன்று காலை கண் திறந்து “அம்மா” என்றாள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் டாக்டருக்குப் படித்தேன்.’

பெயர் இல்லை, ஊர் இல்லை, போட்டோ இல்லை. உருக்கமான பதிவு, 400 லைக் வாங்கும். ஆனால் அவருடைய ப்ரொஃபைலைத் தொட்டால் எந்த மருத்துவமனை என்று தெரியும். ‘நேற்று இரவு’ என்றால் எந்தத் தேதி என்று தெரியும். அந்த இரவு 2 மணிக்கு 108 வண்டி எந்தத் தெருவுக்குள் போனது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். வீட்டில் ‘ஃபுட் பாய்சன்’ என்று சொல்லி வைத்திருப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் வரவும் இருப்பார்கள். டாக்டர் எழுதியதில் ஊருக்குப் புதிதாகத் தெரிய வந்தது ‘பூச்சிமருந்து’ என்ற ஒரே சொல்தான், அது போதும்.

ஓர் ஆளை அடையாளம் காட்டும் இழைகள் நான்கு: இடம், நேரம், ஆளைப் பற்றிய ஒரு விவரம், வழக்கத்துக்கு மாறான நிகழ்வு. பதிவில் இதில் இரண்டு சேர்ந்தாலே போடக் கூடாது என்று நாங்கள் விதித்தோம். இடம் என்ற இழை ஊழியரின் ப்ரொஃபைலிலேயே இருப்பதால், உண்மையில் இன்னும் ஒன்று சேர்ந்தாலே பதிவு விழுந்துவிடும். கடுமையான விதிதான். சின்ன ஊரில் வேறு வழியில்லை. 19-ஐ 21 என்று மாற்றுவதும் உதவாது. அந்தத் தெருவில் அன்று ஆம்புலன்ஸ் வந்த வீடு ஒன்றுதானே.

ஊழியர்களிடம் இழைக் கணக்கெல்லாம் சொல்வதில்லை. ‘நோயாளியின் அத்தை இதைப் படித்தால் யாரென்று கண்டுபிடிப்பாரா?’ என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறோம். அத்தை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

டாக்டர்களுக்கு இது தொழில் ஒழுங்கு விதியும் ஆகும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிமுறைகளில் 7.14 நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகியவை மட்டும் விலக்கு. 7.17 அடையாளம் தெரியும்படி போட்டோவோ கேஸ் விவரமோ வெளியிடுவதற்குச் சம்மதம் கேட்கிறது. சமூக ஊடகத்துக்கென்றே தனிப் பகுதியோடு வந்த 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதே ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்டன. அதைக் காட்டி ‘இப்போது விதியே இல்லை’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2002 விதிகள் அப்படியே நிற்கின்றன.

இதே படியில் கமெண்ட்டையும் சேர்த்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன ஒருவர் தன் பக்கத்தில் கோயில் படம் போடுகிறார். நம் ஊழியர் அன்போடு கீழே, “ஷுகர் இப்ப கன்ட்ரோல்ல இருக்காண்ணா? புண் ஆறிடுச்சா?” என்று கேட்கிறார். அவருக்குச் சர்க்கரை என்று அவருடைய சம்பந்தி வீட்டுக்கே அன்றுதான் தெரியும். நோயாளியே தன் நோயைப் பற்றி எழுதியிருந்தாலும், நம் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை கூட்டக் கூடாது. வாழ்த்த வேண்டுமென்றால் பொங்கல் வாழ்த்து சொல்லலாம்.

படி 3: வேலைக் குரூப்பைத் தடை செய்யாதீர்கள், ஒழுங்கு செய்யுங்கள்

பெரிய மருத்துவமனைகளின் விதிகளை நகல் எடுத்தவர்கள் ‘வாட்ஸ்அப்பில் நோயாளி விவரம் அனுப்பக் கூடாது’ என்று எழுதிவிடுகிறார்கள். இரவு 1 மணிக்கு நெஞ்சுவலியோடு வந்தவரின் ஈசிஜியைப் பக்கத்து நகரத்தில் இருக்கும் இதய மருத்துவருக்கு வேறு எப்படி அனுப்புவது? அனுப்பத்தான் செய்வார்கள், ஒளித்து அனுப்புவார்கள். ஒளித்துச் செய்வதை ஒழுங்கு செய்ய முடியாது.

நாங்கள் முதலில் எத்தனை குரூப் இருக்கிறது என்று எண்ணினோம். ஒரு வார்டுக்கு மட்டும் ஐந்து இருந்தன. ஒன்றில், வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆன மூன்று பேர் இன்னும் இருந்தார்கள். இன்னொன்றில் மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர் இருந்தார். எப்போது, எதற்காகச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

இப்போது சிகிச்சைக்கு ஒரு துறைக்கு ஒரே குரூப். அட்மின் இருவர். ஊழியர் விலகும்போது நோ-டியூஸ் படிவத்தில் ‘குரூப்பிலிருந்து நீக்கியாயிற்று’ என்ற கட்டமும் உண்டு, அதில் கையெழுத்து விழாமல் கடைசிச் சம்பளம் வராது. கேக்கும் குட்மார்னிங்கும் இன்னொரு குரூப்பில். இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. சொந்தக்காரர்கள் குரூப்புக்குப் போக வேண்டியது சிகிச்சைக் குரூப்பில் விழுவதைவிட, ஈசிஜி போய்ச் சொந்தக்காரர்கள் குரூப்பில் விழுவதுதான் பயம். அதனால் சிகிச்சைக் குரூப்பின் முகப்புப் படமாகச் சிவப்புப் பின்னணியில் துறைப் பெயரை வைத்தோம். அவசரத்தில் கண் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறது.

அனுப்பும் முறை: பெயர் கிடையாது, படுக்கை எண்ணும் ஐபி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் மட்டும். ஈசிஜி தாளின் மேல்புறம் பெயர் அச்சாகியிருக்கும். அதை மடித்துவிட்டுப் போட்டோ எடுக்க வேண்டும். அடையாளத்தை எண்ணில் வைக்காமல் முற்றிலும் நீக்கிவிட்டால் வேறு ஆபத்து: இரண்டு ஈசிஜி மாறிப்போகும். அதனால் எண் கட்டாயம்.

அடுத்தது போன் செட்டிங். இதை ஒவ்வொருவர் போனிலும் கூடவே உட்கார்ந்து மாற்ற வேண்டும், சொல்லி விட்டால் நடக்காது. ஆண்ட்ராய்டில் அந்தக் குரூப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து `Media visibility` என்பதை `No` ஆக்குங்கள். இல்லாவிட்டால் குரூப்பில் வரும் ஒவ்வொரு புண் போட்டோவும் கேலரியில் போய் உட்காரும். அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறக்கூடும். எங்கள் ஊழியர் ஒருவரின் வீட்டு டிவியில் குடும்பப் படங்கள் ஸ்க்ரீன்சேவராக ஓடும்போது, நடுவில் ஒரு கால் புண் வந்து நின்றது. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அவர் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை, போன் தானாகவே செய்தது.

படி 4: மருத்துவமனைப் பக்கத்தில் போடும் படங்கள்

குழந்தை பிறந்த சந்தோஷத்தில் பெற்றோரே “போட்டுக்கோங்க சார்” என்பார்கள். அந்த வாய்ச் சம்மதத்தை நம்ப வேண்டாம். அட்மிஷன் படிவத்தின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்து வாங்கும் சம்மதமும் உதவாது, வலியோடு வந்தவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். தனித்தாளில், டிஸ்சார்ஜ் நாளில், எந்தப் படம், எந்தப் பக்கம் என்று காட்டி வாங்க வேண்டும். பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்று அந்தத் தாளிலேயே தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும். படத்தை எடுப்பது மருத்துவமனைப் போனில் மட்டும்.

ரிப்போர்ட்டில் பெயரை மறைக்கிறேன் என்று போனின் எடிட்டரில் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகத் தீட்டுவது பரவலான பழக்கம். அந்தப் பேனா ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் எழுத்து தெரிந்துவிடும். வெட்டிவிடுங்கள், அல்லது முழுக்க அடைத்த கட்டம் வையுங்கள்.

சம்மதம் இருந்தாலும் போடவே கூடாதவை என்று நாலு வகையைத் தனியே பிரித்து வைத்தோம்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர், குழந்தைகள் மேல் நடந்த வன்முறை, கருக்கலைப்பு, எச்ஐவி. நால்வகைக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72-இன்படி 2 வருடம்வரை சிறை. மனநல சிகிச்சையையும் நாங்கள் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டோம்.

படி 5: கூகுள் ரிவ்யூவுக்குப் பதில்

இது ஊழியர்களைவிட முதலாளிகளும் மேனேஜர்களும் செய்யும் தவறு. கோபத்தில் நடக்கும். ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, ‘பணம் பிடுங்குகிறார்கள், போகாதீர்கள்’ என்று எழுதுகிறார். மேனேஜர் இப்படிப் பதில் போடுகிறார்:

‘ஐயா, உங்கள் தந்தை குடியினால் ஈரல் கெட்டு, மிக மோசமான நிலையில் வந்தார். ஐசியூவில் ஐந்து நாள் வைத்தோம். பாக்கி 18,000 ரூபாய் இன்னும் நீங்கள் கட்டவில்லை.’

மேனேஜருக்கு ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒவ்வொரு வார்த்தையும் கசிவு. ரிவ்யூ எழுதியவர் தன் அப்பாவின் நோயைச் சொல்லவே இல்லை, நாம்தான் ஊருக்குச் சொன்னோம். அவரே சொல்லியிருந்தாலும் அதை உறுதிசெய்யும் உரிமை நமக்கு வராது. நாங்கள் வைத்திருக்கும் பதில் இவ்வளவுதான்: ‘உங்கள் குறையைப் படித்தோம். இங்கே யாருடைய சிகிச்சையைப் பற்றியும் பேச இயலாது. நிர்வாக அலுவலகத்தை இந்த எண்ணில் அழையுங்கள், காலை 10 முதல் மாலை 5 வரை நேரில் பேசலாம்.’ அவர் நம் மருத்துவமனைக்கு வந்தாரா இல்லையா என்பதைக்கூட அந்தப் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பதிலை எழுதுபவரும் வெளியிடுபவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. கோபம் ஆறுவதற்கு அந்த இடைவெளி போதும்.

படி 6: கசிந்துவிட்டது, முதல் ஒரு மணி நேரம்

கேக் போட்டோவுக்கே திரும்பி வருகிறேன். அன்று நாங்கள் செய்த முதல் தவறு, பதறிப்போய் ஸ்டேட்டஸை உடனே அழிக்கச் சொன்னது. அழித்ததும், யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் சேர்ந்து போய்விட்டது. எத்தனை பேருக்குத் தெரிந்தது என்று நோயாளியின் அண்ணன் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

இப்போது விதியில் வரிசை இப்படி: முதலில் பார்த்தவர் பட்டியலை மட்டும் ஒரு ஸ்க்ரீன்ஷாட், உடனே அழிப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகாது. `Read receipts` அணைத்து வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள், ஆகவே எண்ணிக்கை குறைந்தபட்சம்தான். குரூப்பில் தவறி அனுப்பியது என்றால் `Delete for everyone`. இதற்குச் சுமார் இரண்டு நாள் அவகாசம் உண்டு. `Delete for me` என்பதை அமுக்கிவிட்டால் நமக்கு மட்டும் மறையும், மற்றவர்களிடம் அப்படியே நிற்கும். பதற்றத்தில் இதை மாற்றி அமுக்கியவர்கள் உண்டு.

பிறகு பொறுப்பாளருக்குப் போன். எங்களிடம் அது நர்சிங் சூப்பரின்டெண்ட். விதியில் நாங்கள் அதிகம் சண்டை போட்டு எழுதிய வரி இதுதான்: ‘தானாக முன்வந்து ஒரு மணி நேரத்துக்குள் சொல்பவர்மேல், அது அறியாமல் நடந்ததாக இருந்தால், முதல் தடவை ஒழுங்கு நடவடிக்கை இல்லை. மறைத்தது தெரிந்தால் உண்டு.’ எங்கள் சேர்மனுக்கு இதில் உடன்பாடே இல்லை. ஆனால் வேலை போய்விடும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், நோயாளியின் அண்ணன் வந்துதான் நமக்குத் தெரியும்.

அடுத்து நோயாளியிடம் சொல்வது. அவரிடம், தனியாக, டாக்டரும் நிர்வாகியும் சேர்ந்து. அவருடைய வீட்டாரிடம் அல்ல, அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். என்ன வெளியானது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்தோம் என்று மூன்றே விஷயம். ‘யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்’ என்று சொல்லாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கசிவைச் சம்பந்தப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு அமலாகும். ஆகவே தேதி, நேரம், என்ன வெளியானது, யார் செய்த நடவடிக்கை என்று ஒரு பதிவேட்டை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

படி 7: ஒரு பக்கம், தமிழில், கையெழுத்தோடு

இவ்வளவையும் எழுதினால் 12 பக்கம் வரும். அது அலுவலகத்தில் இருக்கட்டும். ஊழியர் கையெழுத்துப் போடுவது ஒரு பக்கத் தாளில்தான். எங்கள் தாளில் உள்ள வரிகள் சில:

‘நோயாளி இருக்கும் இடத்திலும் நர்சிங் ஸ்டேஷனிலும் சொந்தப் போட்டோ எடுக்க மாட்டேன். கேன்டீன், வாசல், ஊழியர் ஓய்வறையில் எடுப்பேன்.’ ‘என் நண்பரோ உறவினரோ அட்மிட் ஆனாலும், அவரே சொல்லச் சொல்லாதவரை யாரிடமும் சொல்ல மாட்டேன்.’ ‘தவறிவிட்டால் முதலில் சூப்பரின்டெண்டுக்குப் போன் செய்வேன்’, கீழே எண்.

கையெழுத்து வாங்கும்போது பலர் விட்டுவிடுவது ஆம்புலன்ஸ் டிரைவர், ஹவுஸ்கீப்பிங் அக்கா, பயிற்சிக்கு வரும் மாணவிகள், கேன்டீன்காரர். விபத்து வீடியோக்கள் பெரும்பாலும் டாக்டர் எடுப்பவை அல்ல. படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு எல்லையும் போட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் தாமதம், டூட்டி அதிகம், கையுறை இல்லை என்று ஊழியர் எழுதுவது நோயாளி ரகசியம் அல்ல. அதையும் இந்த விதிக்குள் இழுத்து வாயடைக்கப் பார்த்தால், விதியை நிர்வாகத்தின் ஆயுதமாகத்தான் பார்ப்பார்கள், கசிவை வந்து சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் படுக்கையை வீடியோ எடுக்கும் நோயாளியின் உறவினரை இந்தத் தாள் கட்டுப்படுத்தாது. அதற்கு வார்டு வாசலில் தனி அறிவிப்பும், திரைச்சீலையும்தான் வழி.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரவு 10 மணிக்கு நடந்து பார்த்தேன். வெள்ளைப் பலகையில் பெயர்கள் திரும்ப வந்திருந்தன. இரவு சிஸ்டரிடம் கேட்டேன். “நாலு இலக்கத்தை வச்சு மருந்து கொடுக்க பயமா இருக்கு சார், எழுத்து சின்னது, ராத்திரி லைட்டும் போதல” என்றார். மறுநாள் பலகைக்கு மேல் ஒரு டியூப்லைட் போட்டோம். பெயரோடு இருக்கும் பட்டியலை ஒரு தடித்த அட்டையில் கோத்து, மருந்து டிராலியின் இழுப்பறைக்குள் வைத்தோம். அந்த இழுப்பறைக்குப் பூட்டு உண்டு.